9 வயதுப் பையனுக்குத் தொடையில் ஏன் பிளேட்?

தொண்டியில் படகிலிருந்து விழுந்த என் மகனுக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. வயது 9, எடை 52 கிலோ. பக்கத்து வீட்டு 3 வயதுக் குழந்தைக்கு மாவுக்கட்டே போதுமாக இருந்ததே. இவனுக்கு ஏன் பிளேட்?

3 வயதில் எலும்பு சில வாரங்களில் கூடிவிடும், 2 செ.மீ. அளவுக்குள் குட்டையானாலும் வளர்ச்சியே பெரும்பாலும் ஈடுசெய்துவிடும் என்பதால், மார்பிலிருந்து கால்வரை போடும் மாவுக்கட்டு பொதுவாக 5 வயதுவரை ஏற்றது. உங்கள் மகனின் வயதுக்கு வழக்கமாகப் பொருந்துவது வளையும் கம்பிகளே. இங்கே முடிவை மாற்றுவது எடை. முழங்காலுக்குச் சற்று மேலே இருபுறமும் நுழைக்கப்படும் இரு கம்பிகள், எலும்புக்குள் எதிரெதிர் வில்லாக வளைந்து முறிவைத் தாங்குகின்றன. எடை ஏறத்தாழ 50 கிலோவை எட்டும்போது அந்த வில் தளர்ந்து, கால் கோணுவதற்கோ குட்டையாவதற்கோ வாய்ப்பு கூடுகிறது. எக்ஸ்ரேயில் முறிவு குறுக்காக இல்லாமல் நீளச் சாய்வாகவோ நொறுங்கியோ தெரிந்தால், தசைக்கடியில் சிறு கீறல்கள் வழியே பொருத்தும் பிளேட்டையே நானும் தேர்ந்தெடுப்பேன்.