நிச்சயத்துக்கு முன் சொல்ல வேண்டியது: போனிலா, வாட்ஸ்அப்பிலா?

எனக்கு 26 வயது, ஊர் கம்பம். வண்டன்மேட்டில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கும் ஒருவர் பெண் பார்த்துவிட்டுப் போனார். நிச்சயத்துக்கு முன் பேசிப் பழகட்டும் என்று வீட்டில் நம்பர் கொடுத்தார்கள். மூன்று வாரமாகப் பேசுகிறோம். எனக்குப் பதினைந்து வயதிலிருந்து வலிப்பு உண்டு. மாத்திரை சாப்பிடுகிறேன், நான்கு வருடமாக வரவில்லை. சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துவிட்டேன். தனியாகச் சந்திக்க வீட்டில் விடமாட்டார்கள். எழுதிவிடவா, போன் செய்யவா?
- வாசகி

அன்புச் சகோதரிக்கு,

போன் செய்யுங்கள். வலிப்பு என்றதும் அவருக்குக் கேள்விகள் வரும். எழுதி அனுப்பினால் அவற்றை உங்களிடம் கேட்பதற்கு முன் அக்காவிடமோ நண்பனிடமோ கேட்பார். மெசேஜையே ஃபார்வர்டும் செய்யலாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்தபின் நீங்கள் அழித்துப் பயனில்லை. அவர் புற்றடி ஏலத்தில் உட்கார்ந்திருப்பார், நீங்களோ நீல டிக்கைப் பார்த்து ‘வேண்டாம் போல’ என்று முடிவே கட்டிவிடுவீர்கள்.

ஆனால் திடீரென்று கூப்பிடாதீர்கள். “என் உடம்பு சம்பந்தமா ஒரு விஷயம் சொல்லணும். அவசரமில்லை. ராத்திரி ஒன்பதுக்கு மேல தனியா பேச முடியுமா?” என்று முதலில் அனுப்புங்கள். ‘முக்கியமான விஷயம்’ என்று மட்டும் போட்டால் மனுஷன் நாள் முழுக்க எதை எதையோ நினைத்துக் குழம்புவார். மலையில் டவர் போய்ப் போய் வரும். “கட்டானா நானே கூப்பிடுறேன்” என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் சிக்னல் போனதைக்கூட அவர் வைத்துவிட்டதாக எடுத்துக்கொள்வீர்கள்.

“எனக்குப் பதினஞ்சு வயசுல இருந்து வலிப்பு இருக்கு. தினமும் மாத்திரை சாப்பிடுறேன். நாலு வருஷமா வரல.” இவ்வளவுதான், அப்புறம் பேச்சை நிறுத்துங்கள். அவர் மௌனமாக இருந்தால் ‘ஸாரி’ சொல்லி அதை நிரப்ப வேண்டாம், நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. “இப்பவே பதில் வேண்டாம், யோசிச்சுச் சொல்லுங்க” என்றால் போதும். வீட்டில் அவர் பேசுவதற்கு முன் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள்.

எழுத்து மறுநாள் காலைக்கு. மாத்திரையின் பெயர் போனில் சரியாகக் காதில் விழாது, அதை எழுதுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரி என்பதையும் சேருங்கள். (கையில் இரும்புச் சாவி கொடுப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், அதனால் ஒன்றும் ஆகாது.) அடிக்கடி வரும் வலிப்பு இந்துத் திருமணச் சட்டத்தில் ஒரு தடையாக இருந்தது, 1999 திருத்தத்தில் நீக்கிவிட்டார்கள். அவர் வீட்டுப் பெரியவர்கள் பழைய விதியைச் சொன்னால் இது உதவும்.

குழந்தை பற்றி அவர் நிச்சயம் கேட்பார். சில வலிப்பு மாத்திரைகளைக் கர்ப்பத்துக்கு முன்பே மாற்ற வேண்டியிருக்கும். நீங்களாக நிறுத்தக் கூடாது. உங்கள் மாத்திரை எப்படி என்று நரம்பியல் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் பிறகு அந்த போனைப் போடுங்கள்.