தொடையிடுக்குப் படை: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்து அரிப்பைப் பற்றியவை. எழுதியவர்கள் எல்லாருமே ஆண்கள்.

"தொடையிடுக்கில் சிவப்பாக வந்திருக்கிறது. மனைவி சந்தேகப்படுகிறார். இது அந்த மாதிரி நோயா?" (பிரிக்ஃபீல்ட்ஸ்)

இல்லை. காலில் வரும் சேற்றுப்புண்ணுக்குக் காரணமான அதே பூஞ்சைதான் பெரும்பாலும் இதற்கும் காரணம். உடலோடு உடல் உரசினால் மனைவிக்கும் ஒட்டலாம் என்பது உண்மைதான். அதற்காகச் சந்தேகப்பட வேண்டியதில்லை. துண்டைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

"க்ளோட்ரிமசோல் போட்டேன், 5 நாளில் அரிப்பு நின்றது. விட்டுவிட்டேன். இரண்டு வாரத்தில் மறுபடி வந்துவிட்டது. மருந்து போலியா?" (பாயான் லெப்பாஸ்)

மருந்தைக் குறை சொல்லாதீர்கள், நீங்கள்தான் பாதியில் விட்டீர்கள். அரிப்பு முதலில் நிற்கும், பூஞ்சை அப்புறம்தான் சாகும். காலையும் இரவும் பூசுங்கள். தோல் பழைய நிறத்துக்கு வருகிற மாதிரித் தெரிந்த பிறகும் இன்னும் ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் தொடருங்கள். மொத்தத்தில் 3, 4 வாரம் ஆகும். படையின் ஓரம்தான் உயிரோடு இருக்கும் பகுதி. நடுவில் தோல் தெளிந்து, ஓரத்தில் மட்டும் மேடாகச் செதில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதனால் ஓரத்தைத் தாண்டி, நல்ல தோலிலும் இரண்டு விரல் அகலம் பூச வேண்டும். நடுவில் மட்டும் தடவுகிறவர்களுக்குப் படை வட்டமாகப் பெரிதாகிக்கொண்டே போகும்.

"அரிக்கிறது. என்ன க்ரீம் வாங்கலாம்?" (ஊர் குறிப்பிடவில்லை)

எங்கே, எத்தனை நாளாக, இதுவரை என்ன போட்டீர்கள் என்று எதுவும் எழுதாமல் மருந்துப் பெயர் மட்டும் கேட்டால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள், அடுத்த முறை பார்க்கலாம்.

"மோட்டாரில் சாப்பாடு டெலிவரி செய்கிறேன். நாள் முழுக்க சீட்டில்தான். ஒரு வருஷமாக இந்தத் தொல்லை. நண்பர் கொடுத்த க்ரீம் போட்டால் இரண்டே நாளில் அடங்குகிறது, விட்டால் முன்பைவிட மோசமாக வருகிறது. இப்போது பின்பக்கம் வரை பரவிவிட்டது. காலிலும் விரலிடுக்கில் தோல் வெளுத்து உரிகிறது, அது வேறு விஷயம்." (செந்தூல்)

வேறு விஷயம் இல்லை தம்பி, அதுதான் விஷயமே. அதற்கு முன்னால் அந்த க்ரீம்.

டியூபின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசோல் என்ற பெயர்களில் ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. பூஞ்சை மருந்தோடு, ஆன்டிபயாட்டிக்கோடு கலந்தும் வரும். இதை நான் எத்தனை தடவை எழுதினாலும் போதவில்லை. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அமுக்கும், பூஞ்சையைத் தொடாது. தோலின் எதிர்ப்பை அடக்கிவிடுவதால் பூஞ்சை நிம்மதியாகப் பரவும். வட்டமும் செதிலும் மங்கிப்போவதால் மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போகும். தொடையிடுக்குத் தோல் மெல்லியது, அங்கே மருந்து அதிகமாக உள்ளே இறங்கும். மாதக்கணக்கில் போட்டவர்களுக்குப் பிரசவ வரி மாதிரி கோடுகள் விழுந்துவிடும், அவை மறையாது. "எனக்குச் சரியானது, உனக்கும் ஆகும்" என்று கைமாறும் டியூபால் வருகிற நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

அந்த க்ரீமை நிறுத்தியதும் சில நாள் அரிப்பு கூடும். அதற்குப் பயந்து மறுபடி எடுக்காதீர்கள். நீங்கள் சொல்லும் அளவுக்குப் பரவியிருந்தால் கிளினிக்கில் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். சில வாரம் மாத்திரை தேவைப்படலாம். டியூபை மறக்காமல் கையில் கொண்டுபோங்கள்.

இப்போது கால். ஷூவுக்குள் வளரும் பூஞ்சை தொடைக்கு எப்படிப் போகிறது தெரியுமா? ஜட்டியைக் கால் வழியாக ஏற்றும்போது துணி விரல்களில் உரசி, அங்கிருந்ததை மேலே சுமந்துபோகிறது. அதே துண்டால் முதலில் காலைத் துடைத்து அப்புறம் இடுப்பைத் துடைத்தாலும் கதை அதுதான். எனவே இரண்டு இடத்துக்கும் சேர்த்து மருந்து போடுங்கள். காலுக்குத் தனித் துண்டு. சாக்ஸை முதலில் மாட்டிவிட்டு அதற்கப்புறம் ஜட்டி. பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும், செய்யுங்கள்.

அடுத்தது உலர்த்துவது. "துடைக்கிறேன் டாக்டர்" என்று எல்லாரும் சொல்வார்கள். நின்றபடி முன்பக்கம் ஒரு இழுப்பு இழுத்தால் அது துடைப்பது ஆகாது. ஒரு காலை நாற்காலியில் தூக்கி வைத்து, மடிப்பை விரித்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பிறகு கைலியைத் தளரக் கட்டிக்கொண்டு ஃபேன் காற்றில் 5 நிமிடம் உட்காருங்கள். அவசரமென்றால் ஹேர் ட்ரையரைக் குளிர்காற்றில் வைத்துக் காட்டலாம், சூட்டில் வேண்டாம். தொட்டுப் பார்த்தால் பிசுபிசுப்பு இருக்கக் கூடாது, அதற்கப்புறம்தான் மருந்து. நம் ஊர்க் காற்றின் ஈரப்பதமே 80 சதவீதம். குளியலறையில் தொங்கும் துண்டு மாலை வரை காயாது, வெளியே போடுங்கள். வண்டிப் பெட்டியில் ஒரு பையில் காய்ந்த ஜட்டியும் சாக்ஸும் வைத்திருங்கள். மழையில் நனைந்தால் மதியமே மாற்றுங்கள். ஈரத்தோடு இரவு வரை ஓட்டினால் எந்த மருந்தும் உதவாது.

"பருத்தி ஜட்டி நல்லதா, ஜிம்மில் போடும் வழவழப்பான துணியா?" (பட்டர்வொர்த்)

உட்கார்ந்து வேலை என்றால் தளர்வான பருத்தி. வியர்த்துக் கொட்டுகிற வேலைக்குப் பருத்தி நனைந்தால் நனைந்தபடியே கிடக்கும், அப்போது வியர்வையை வெளியே கடத்தும் விளையாட்டுத் துணி தேவலை. தொடை உரசுகிறவர்களுக்குக் கால் கொஞ்சம் நீண்ட வகை. எதுவானாலும் இறுக்கம் கூடாது, வேலை முடிந்த உடனே கழற்ற வேண்டும். மேலே இறுக்கமான ஜீன்ஸ் போட்டுக்கொண்டு உள்ளே என்ன துணி என்று கேட்பதில் பயனில்லை.

துவைப்பதும் முக்கியம். பச்சைத்தண்ணீரில் அலசினால் துணியில் பூஞ்சை தங்கிவிடும். 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள், இல்லாவிட்டால் தோபிக் கடை ட்ரையரில் சூட்டில் போட்டு எடுங்கள். கொண்டோ பால்கனியில் அரைகுறையாகக் காய்ந்ததை மடித்து வைக்காதீர்கள்.

"பவுடர் போடலாமா?" (ஜெலுத்தோங்)

தடுப்பதற்குப் போடலாம், அதுவும் நன்றாக உலர்ந்த தோலில் மெல்லியதாக. பூஞ்சைக்கான மைக்கோனசோல் பவுடர் கிடைக்கும். ஈரத்தின் மேல் கொட்டினால் களிமண்தான்.

"சீமை அகத்தி இலையை அரைத்துப் போடச் சொல்கிறார்கள். பலன் உண்டா?" (கெப்போங்)

மலாய்க்காரர்கள் கெலெங்காங் என்று படைக்கு வைப்பார்கள். பூஞ்சையை எதிர்க்கும் குணம் அதில் உண்டு. ஆனால் சொறிந்து புண்ணான இடுக்கில் அரைத்த இலை எரியும், சிலருக்குக் கொப்பளிக்கும். கடையில் க்ளோட்ரிமசோல் இருக்கும்போது எதற்கு இந்தச் சோதனை?

"வயது 61, இனிப்பு நீர் உண்டு. விதைப்பையும் சிவந்து எரிகிறது. படைக்குச் சுற்றிலும் சின்னச் சின்னப் பருக்கள். இரண்டு வாரம் டெர்பினாஃபின் போட்டும் குறையவில்லை." (ஆயர் ஈத்தாம்)

ஐயா, நன்றாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். சாதாரணப் படை விதைப்பையைப் பெரும்பாலும் விட்டுவிடும். விதைப்பையும் சேர்ந்து சிவந்து, சுற்றிலும் தனித்தனிப் பருக்கள் இருந்தால் கேண்டிடா என்ற வேறு பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு டெர்பினாஃபின் க்ரீம் அவ்வளவாகக் கேட்காது, க்ளோட்ரிமசோல் கேட்கும். சர்க்கரை ஏறியிருந்தால் இது அடங்காது. இந்த வாரமே கிளினிக்குக்குப் போய்த் தோலையும் காட்டுங்கள், எச்பிஏ1சி என்ற சர்க்கரைப் பரிசோதனையும் எடுங்கள்.