கன்னத்துச் செல்லில் நீலப் புள்ளி: கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரெக்கார்ட் நோட்டைப் பற்றியவைதான். நாகர்கோவிலில் இருந்து கொல்லங்கோடு வரை எல்லா இடத்திலும் ஒரே வாரத்தில் முதல் வருடப் பிள்ளைகளிடம் தாவர செல், விலங்கு செல், பாக்டீரியா செல் மூன்றையும் ஒப்பிடச் சொல்லிவிட்டார்கள் போல. ஒரே கேள்வி இரண்டு மூன்று பேரிடமிருந்து வந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

தாவர செல்லில்தான் பசுங்கணிகம் இருக்கிறதே, பிறகு மைட்டோகாண்ட்ரியா எதற்கு? (தக்கலை)

ராத்திரி அது என்ன செய்யும்? மண்ணுக்குள் கிடக்கிற வேர் என்ன செய்யும்? பசுங்கணிகம் சர்க்கரை செய்கிற இடம். அந்தச் சர்க்கரையை உடைத்து ஆற்றல் எடுக்கிற இடம் மைட்டோகாண்ட்ரியா. தாவர செல்லுக்கு இரண்டும் வேண்டும், விலங்கு செல்லுக்கு இரண்டாவது மட்டும் போதும். பாக்டீரியாவுக்கு இரண்டும் கிடையாது, அதன் செல் சவ்வே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

வெங்காயச் சவ்வில் பச்சையாக ஒன்றுமே தெரியவில்லை. அப்படியானால் அது தாவர செல் இல்லையா? (குலசேகரம்)

தாவர செல்தான். வெயில் படாத இடத்தில் இருக்கிற செல்லுக்குப் பசுங்கணிகம் எதற்கு? பசுங்கணிகத்தைத் தாவர செல்லின் அடையாள அட்டையாக வைத்துக்கொள்ள வேண்டாம். செல் சுவரையும் நடுவில் இருக்கிற பெரிய வாக்குவோலையும் பாருங்கள்.

பாக்டீரியாவுக்கு உட்கரு இல்லை என்கிறீர்கள், அப்போது டிஎன்ஏவும் இல்லைதானே? (மார்த்தாண்டம்)

டிஎன்ஏ இல்லாமல் அது எப்படி இரண்டாகும்? அறை இல்லை, அவ்வளவுதான். உள்ளே இருக்கவேண்டியது இருக்கிறது. பெரும்பாலும் வட்டமான ஒரே டிஎன்ஏ, சவ்வு எதுவும் சுற்றாமல் நடுவில் சுருண்டு கிடக்கும்.

கன்னத்தின் உள்பக்கத்தைச் சுரண்டி மெத்திலீன் ப்ளூ போட்டுப் பார்த்தோம். செல்லின் மேல் சின்னச் சின்ன நீலப் புள்ளிகள் நிறைய. தோழி ரைபோசோம் என்கிறாள், நான் மைட்டோகாண்ட்ரியா என்று குறித்தேன். யார் சரி? (நாகர்கோவில், இன்னும் இரண்டு பேர்)

இரண்டு பேரும் தப்பு. அவை பாக்டீரியா. உங்கள் வாயில் குடியிருப்பவை.

ரைபோசோமின் குறுக்களவு ஏறக்குறைய 25 நானோமீட்டர். கல்லூரி மைக்ரோஸ்கோப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்டாது. அது லென்ஸின் குறை இல்லை, ஒளியின் எல்லை. ஆகவே ரைபோசோமைப் பார்த்தேன் என்று எழுதினால் பார்க்காததை எழுதியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். மைட்டோகாண்ட்ரியா கிட்டத்தட்ட பாக்டீரியா பருமன்தான், அதனால் குழம்புவது நியாயம். ஆனால் உலர்த்திய ஸ்மியரில் மெத்திலீன் ப்ளூ மைட்டோகாண்ட்ரியாவைத் தனியாக எடுத்துக் காட்டாது, அதற்கு உயிருள்ள செல்லும் ஜேனஸ் கிரீன் என்ற வேறு சாயமும் வேண்டும்.

சந்தேகம் இருந்தால் நீங்களே சோதித்துப் பாருங்கள். செல்லின் ஓரத்தைத் தாண்டி வெற்று இடத்திலும் அதே புள்ளிகள் இருக்கிறதா? மைட்டோகாண்ட்ரியா வெளியே இறங்கி நடமாடாது. அப்புறம் நுண் திருகை மெதுவாகத் திருப்புங்கள். உட்கரு தெளிவாகத் தெரியும்போது புள்ளிகள் மங்கும், புள்ளிகள் தெளியும்போது உட்கரு மங்கும், ஏனென்றால் அவை செல்லின் மேலே ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. காலையில் பல் தேய்க்கும் முன் ஒரு சுரண்டல், தேய்த்து வாய் கொப்பளித்த பிறகு ஒரு சுரண்டல் எடுத்தால் பெரும்பாலும் எண்ணிக்கையே பேசிவிடும்.

இனி என் பழைய புலம்பல். முப்பது வருடம் ரெக்கார்ட் நோட்டு திருத்தியவன் நான். கண்ணில் பட்டதை வரைந்த பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மீதிப் பேர் மைக்ரோஸ்கோப்பில் ஒரு கண்ணை வைத்துவிட்டு, புத்தகத்துப் படத்தை அப்படியே பிரதி எடுத்துவிடுவார்கள்: கோல்கி, சென்ட்ரியோல், ரைபோசோம் எல்லாம் அழகாகக் கோடு போட்டு. ஒருமுறை ஒரு பிள்ளையின் ஸ்லைடில் செல்லே இல்லை, காற்றுக்குமிழிதான் இருந்தது. நோட்டிலோ பதினான்கு பாகம் குறித்திருந்தது! இதில் புத்தகத்துக்கும் பங்கு இருக்கிறது. தாவர செல், விலங்கு செல், பாக்டீரியா மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே உயரத்தில் போட்டுவிடுகிறார்கள். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, கன்னத்துச் செல்லின் மேல் தூசி மாதிரி கிடப்பதும் ஒரு முழு செல் என்று எப்படி நம்பும்?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 10 மடங்கு கண்ணருகு லென்ஸ், 40 மடங்கு பொருளருகு லென்ஸ் வைத்தால் தெரிகிற வட்டத்தின் குறுக்களவு, பெரும்பாலான கல்லூரி மைக்ரோஸ்கோப்பில், சுமார் 450 மைக்ரான். அந்த வட்டத்தின் குறுக்கே கன்னத்துச் செல் ஏழெட்டு வரிசையாக நிற்கும் என்றால் ஒன்று ஏறக்குறைய 60 மைக்ரான். அதன் மேல் இருக்கிற பாக்டீரியா 1 மைக்ரான். ரெக்கார்டில் கன்னத்துச் செல்லை 6 சென்டிமீட்டருக்கு வரைந்தால் பாக்டீரியா 1 மில்லிமீட்டர், பென்சில் முனையால் ஒரு குத்து. வெங்காயச் செல் நீளவாக்கில் 300 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் அதே கணக்கில் 30 சென்டிமீட்டர். நோட்டுப் பக்கத்தை விட்டு வெளியே போய்விடும். புத்தகக்காரர் மூன்றையும் ஒரே உயரத்தில் போடுவது ஏன் என்று இப்போது புரியும். அதைக் குறை சொல்ல முடியாது, ஆனால் கீழே அளவுகோல் போடாததைச் சொல்லத்தான் வேண்டும். அளவு எழுதாத படம் படம் இல்லை, மக்களே. இதை நான் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்.

ரோயோ இலையின் அடித்தோலை உப்புத் தண்ணீரில் போட்டால் சுருங்குகிறது. விலங்கு செல்லும் சுருங்கும், பாக்டீரியாவும் சுருங்கும் என்றால் வித்தியாசம் எங்கே? (குளச்சல்)

நல்ல கேள்வி. குளச்சல்காரர் கேட்டதில் ஆச்சரியம் இல்லை, கருவாடு காய்கிற ஊர்.

வித்தியாசம் சுருங்குவதில் இல்லை, எது சுருங்குகிறது என்பதில் இருக்கிறது. ரோயோவின் ஊதா நிறம் வாக்குவோலுக்குள் இருப்பதால் எல்லாம் கண்ணுக்கு நேரே நடக்கும். தோலைத் தண்ணீரில் வைத்து கவர் ஸ்லிப் போட்டு முதலில் ஒரு படம் வரையுங்கள். பிறகு 100 மில்லி தண்ணீருக்கு 5 கிராம் உப்பு போட்ட கரைசலை ஒரு ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் வடிதாளை வைத்து இழுங்கள். சில நிமிடத்தில் ஊதா நிறம் ஓரத்தை விட்டு விலகி நடுவில் உருண்டையாக ஒதுங்கும். செல்லின் வெளிக்கோடு மட்டும் அப்படியே கட்டம் கட்டமாக நிற்கும். அதாவது சுவர் நின்றுவிட்டது, சவ்வு உள்ளே போய்விட்டது; இதுதான் பிளாஸ்மோலைசிஸ். நடுவில் உண்டான இடைவெளியில் என்ன இருக்கிறது என்று தேர்வில் கேட்பார்கள். "வெற்றிடம்" என்று எழுதாதீர்கள், உப்புத் தண்ணீர்தான் இருக்கிறது, செல்லுலோஸ் சுவர் அதைத் தாராளமாக உள்ளே விடும். ரொம்ப நேரம் விடாமல் திரும்ப நல்ல தண்ணீரை இழுத்தால் ஊதா நிறம் பழையபடி ஓரம் வரை வரும். வரவில்லை, நிறம் கசிந்து வெளியே போகிறது என்றால் செல் செத்துவிட்டது.

சிவப்பணுவுக்குச் சுவர் இல்லை. அதே உப்பில் முழு அணுவும் முள்முள்ளாகச் சுருங்கும், நல்ல தண்ணீரில் உப்பி வெடித்துவிடும், 0.9 சதவீத உப்பில் மட்டும் சும்மா இருக்கும். தாவர செல் நல்ல தண்ணீரில் வெடிக்காது, சுவர் பிடித்துக்கொள்ளும், உள்ளே அழுத்தம் ஏறி விறைப்பாகும். தோவாளைச் சந்தையில் பூவுக்குத் தண்ணீர் தெளிக்கிறார்களே, அந்த விறைப்பைக் காப்பாற்றத்தான். பாக்டீரியாவுக்கும் சுவர் இருப்பதால் நல்ல தண்ணீரில் தாக்குப்பிடிக்கும். கருவாட்டு உப்பில் தண்ணீரை இழந்து பெரும்பாலானவை வளராமல் நின்றுவிடும். எல்லாம் சாகும் என்று எழுதாதீர்கள், உப்பைத் தாங்குகிறவையும் உண்டு.

இரண்டு எச்சரிக்கை. இதற்காக விரலைக் குத்தி ரத்தம் எடுக்க வேண்டாம். கன்னத்துச் செல்லை வைத்தும் செய்ய வேண்டாம், சுரண்டலில் வருவது பெரும்பாலும் உதிரப் போகிற தட்டைச் செல், தண்ணீரில் போட்டாலும் பேசாமல் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு "விலங்கு செல் வெடிக்கவில்லை" என்று எனக்கு எழுதுவார்கள்.

அட்டவணையில் செல் சுவர்: தாவரம் உண்டு, விலங்கு இல்லை, பாக்டீரியா உண்டு என்று எழுதினேன். அரை மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். ஏன்? (இரணியல்)

நானாக இருந்தால் முழுவதையும் குறைத்திருப்பேன். "உண்டு, இல்லை" என்பது அட்டவணை இல்லை. எதனால் ஆனது என்று எழுதுங்கள்: தாவரத்தில் முக்கியமாக செல்லுலோஸ், பாக்டீரியாவில் பெப்டிடோகிளைக்கான். ஒரே பெயர், வேறு வேறு சரக்கு.

இந்த வித்தியாசத்தால்தான் பெனிசிலின் வேலை செய்கிறது. பாக்டீரியா வளரும்போது சுவரில் புது இழைகளைக் குறுக்கே பிணைக்க வேண்டும், பெனிசிலின் அந்தப் பிணைப்பைப் போடும் நொதியை முடக்கிவிடும். சுவர் பலம் இழந்ததும் உள்ளழுத்தம் தாங்காமல் செல் வெடிக்கும், மேலே சொன்ன சிவப்பணு மாதிரி. நம் செல்லில் பெப்டிடோகிளைக்கான் கிடையாது, ஆகவே முடக்க ஒன்றும் இல்லை. மைக்கோபிளாஸ்மா என்று ஒரு பாக்டீரியா இருக்கிறது, அதற்குச் சுவரே இல்லை. பெனிசிலின் அதை ஒன்றும் செய்யாது. உங்கள் அட்டவணையில் "உண்டு" என்று எழுதியது அங்கேயே உடைந்துவிட்டது பார்த்தீர்களா?

தாவர செல்லில் சென்ட்ரியோல் இல்லை என்பது சரியா? (அருமனை)

பூக்கும் தாவரத்தில் இல்லை. பாசி, பெரணி இவற்றின் நீந்துகிற ஆண் செல்லில் உண்டு. "பூக்கும்" என்ற சொல்லைச் சேர்த்து எழுதுங்கள்.

மூன்று செல்லுக்கும் பத்து வித்தியாசம், நாளைக்குள் அனுப்பவும். (ஊர் எழுதவில்லை)

பெயர் இல்லை, ஊர் இல்லை, ஒரு வணக்கமும் இல்லை. மேலே உள்ளதைப் படித்து எண்ணிக்கொள்ளுங்கள்.

பாக்டீரியா செல்லுக்குத் தயிர் எடுத்தோம். நீலமாக அப்பிக்கொண்டு ஒன்றும் தெரியவில்லை. (திங்கள்சந்தை)

தயிரை அள்ளி அப்பியிருப்பீர்கள். சாயம் ஏறியது பாலின் புரதத்தில். தீக்குச்சி முனையில் ஒட்டுகிற அளவு தயிர், ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீர், நன்றாகக் கலந்து மெல்லிசாகப் பரப்பிக் காயவிடுங்கள். தீயின் மேல் இரண்டு மூன்று முறை காட்டி, மெத்திலீன் ப்ளூ ஒரு நிமிடம், பிறகு மெதுவாகக் கழுவுங்கள். 400 மடங்கில் சின்னக் கோடும் மணிச்சரமும் தெரியும், உள்ளே ஒன்றும் தெரியாது. எண்ணெய் லென்ஸ் இருந்தால் 1000 மடங்கில் பாருங்கள், கோட்டின் நீளம் சில மைக்ரான் வரும். அதை எழுதிவிட்டு வரையுங்கள். மீந்த தயிரைச் சோற்றில் ஊற்றிக்கொள்ள வேண்டாம், கையில் சாயம் இருக்கும்.