முன்னால துருத்தற பையும் கையும்: கேள்வி பதில்

பெருந்துறை: அண்ணா, சீர் கொண்டுபோன அன்னிக்கு வீட்டு வாசல்ல எடுத்த குடும்பப் படம். பவானி ஜமக்காளத்துல எல்லாரும் உக்காந்திருக்காங்க, முன்னால ஒரு மஞ்சப்பை ஆளுயரத்துக்குத் தெரியுது. ஓரத்துல இருக்கற அப்பத்தாளோட முட்டியைவிடப் பை பெருசு. போட்டோஷாப்ல சுருக்க முடியுங்களா?

முடியுங்க. ஆனா பையைத் தொடறதுக்கு முன்னால, அதுக்குப் பின்னால என்ன ஒளிஞ்சிருக்குன்னு பாருங்க. எத்தனை சுருக்கலாம்னு முடிவு பண்றது அதுதான். உங்க படத்துல பை 1000 பிக்சல் அகலம், 1200 உயரம். அடி நகராம 75 சதவீதத்துக்குக் கொண்டுபோனா பக்கத்துக்கு 125 பிக்சலும் மேல 300 பிக்சலும் திறக்கும். பக்கவாட்டுல வெறும் ஜமக்காளம், சமாளிச்சுக்கலாம். மேல 300 திறந்தா அப்பத்தாளோட பாதம் இருக்க வேண்டிய இடம் வெளிய வந்துரும். அந்தப் பாதம் படத்துலயே இல்லைங்க. 85 சதவீதத்தோட நின்னா மேல 180தான் திறக்கும், சேலைக் கொசுவத்தோட முடிஞ்சுரும். அதனால 85 போதும்.

மொதல்ல பையை மட்டும் தேர்வு பண்ணி `Ctrl+J`. கைப்பிடி வளையத்துக்குள்ள தெரியற ஜமக்காளத்தையும் வெட்டி எடுத்துருங்க. அதை விட்டுட்டா பழைய கோடு பையோட சேர்ந்து சுருங்கி, வளையத்துக்குள்ள மட்டும் கோடு பொடிசாத் தெரியும். அப்புறம் அந்த லேயர் மேல வலது கிளிக் பண்ணி `Convert to Smart Object` கொடுங்க. நாளைக்கு 85-ஐ 88 ஆக்கோணும்னா பை மங்காது.

அடுத்தது பின்னணி. பை லேயரோட சின்னப் படத்து மேல `Ctrl` அமுக்கிக் கிளிக் பண்ணினா தேர்வு திரும்ப வரும். `Select > Modify > Expand`ல 6 பிக்சல் கொடுங்க. பையோட பழைய நிழலையும் லாசோவுல சேர்த்துக்கங்க. இப்ப கீழ் லேயருக்கு வந்து `Edit > Content-Aware Fill`. பச்சையாத் தெரியற இடத்துல இருந்துதான் அது துணி எடுத்து ஒட்டும். அதுல ஆளுக இருக்கற பகுதியைக் கழித்தல் பிரஷ்ஷால அழிச்சுருங்க, இல்லாட்டி ஜமக்காளத்துல வெரல் மொளைக்கும். `Output To`ல `New Layer` வையுங்க. நடுவுல எத்தனை அலங்கோலமா வந்தாலும் கவலை வேண்டாம், பை மூடிக்கும். பார்க்க வேண்டியது பையைச் சுத்தித் திறக்கற அந்த வளையம் மட்டுந்தான்.

கடைசியாப் பை. `Ctrl+T` போட்டு, நங்கூரப் புள்ளியைப் பை தரையத் தொடற அடி நடுவுல வெச்சு, மேல் பட்டையில அகலத்துக்கு 85% அடிங்க. அகலமும் உயரமும் சங்கிலியால சேர்ந்திருக்கோணும். புள்ளி நடுவுலயே இருந்தா அடிப்பக்கம் மேல ஏறி, பை அந்தரத்துல நிக்கும்.

பல்லடம்: மேல சொன்ன மாதிரியே பண்ணேன். கோடு போட்ட விரிப்பு ஒடைஞ்சு ஒடைஞ்சு வருதுங்களே?

கோடு போட்ட துணியில அது ஒடையத்தான் செய்யும். கோடு கேமராவைப் பார்த்து வரவர அகலமாகுது, நிரப்பற கருவிக்கு அது புரியறதில்லை. வளையத்துல விட்டுப்போன கோட்டுக்கு, அதே கோட்டுல கொஞ்சம் மேல தள்ளி ஒரு துண்டை லாசோவுல எடுத்து `Ctrl+J`. `Ctrl+T`, வலது கிளிக், `Distort`. நாலு மூலையையும் கோட்டோட ரெண்டு விளிம்புலயும் உக்கார வையுங்க. பக்கத்துக் கோட்டுல இருந்து எடுத்தீங்கன்னா சாய்வு மாறிரும். ஒவ்வொரு கோடாத்தான் போகோணும்.

கோபி: பையைச் சுத்தி மஞ்சளா ஒரு கோடு தெரியுது.

6 பிக்சல் விரிக்கலை. பழைய பையோட ஓரம் கீழ் லேயர்ல அப்படியே நிக்குது.

கரூர்: இத்தனை எதுக்குங்க? `Filter > Liquify`ல `Pucker` எடுத்து நாலு தடவை அமுக்கினாப் பை சுருங்கிருது. பத்து நொடி வேலை.

சுண்ணாம்புச் சுவர் முன்னாலன்னா சரிங்க, நானும் அதைத்தான் சொல்லுவேன். ஆனா `Pucker` பையை மட்டும் இழுக்காது, பக்கத்துல இருக்கறதையும் உள்ள இழுக்கும். ஜமக்காளக் கோடு பையைப் பார்த்து வளைஞ்சு போகும்.

கரூர்: பைக்குப் பதிலா கேமராவைப் பார்த்து நீட்டின கை பெருசாத் தெரிஞ்சா? அந்தக் கையைத் தனி லேயர்ல வெட்டி வெச்சுட்டு `Liquify` போட்டா? கோடு எப்படி வளையும்?

வளையாது, அது சரிதான். ஆனா கை சுருங்கினதும் பின்னால பழைய பெரிய கை தெரியுமே. அதை நிரப்பற வேலை உங்களுக்கும் உண்டு. மிச்சமாகற நேரம் ஒண்ணுமில்லை.

கரூர்: கை வளைவா இருக்கறப்ப `Liquify`தான் இயல்பா வரும். சதவீதம் அடிச்சா மணிக்கட்டுல படி விழுகுது.

படி விழுகறது உண்மைதாங்க. அதுக்குக் காரணம் மணிக்கட்டோட வெட்டறது. கேமராவைப் பார்த்து நீட்டின கை முழங்கையில இருந்தே கொஞ்சங்கொஞ்சமாப் பெருத்துட்டு வரும். அதனால முழங்கையில இருந்து வெட்டி, `Ctrl+T`, `Perspective`ல வெரல் பக்கத்து மூலையை மட்டும் உள்ள இழுங்க. முழங்கைப் பக்கம் அப்படியே நிக்கும். வளையல் இருந்தா அது கோணும், அந்த ஒரு இடத்துக்கு நீங்க சொல்ற `Liquify` நல்ல மருந்து.

சென்னிமலை: கை எத்தனை பெருசு இருந்தாச் சரின்னு எப்படித் தெரியும்?

முகத்தை வெச்சு அளந்துக்கங்க. மணிக்கட்டுல இருந்து நடுவிரல் நுனி வரைக்கும், ஏறக்குறைய தாடையில இருந்து முடி தொடங்கற இடம் வரைக்கும் வரும். கை முன்னால இருக்கறதால முகத்தைவிட ஒரு பத்து, பதினஞ்சு சதவீதம் பெருசாவே விடுங்க. சரிக்குச் சரியா ஆக்கினா கொழந்தைக் கை மாதிரி ஆயிரும்.

உடுமலை: லென்ஸ் கரெக்ஷன் போட்டாலே கை சரியாயிரும்னு சொல்றாங்களே?

ஆகாதுங்க. லென்ஸ் கரெக்ஷன் கோணின நேர்கோட்டை நிமித்தும், ஓரத்துல இழுபட்டிருந்தாக் கொஞ்சம் சரி பண்ணும், அவ்வளவுதான். கை பெருக்கறது தூரத்தால. கை 40 செ.மீ.ல, முகம் 80 செ.மீ.ல இருந்தா, எந்த லென்ஸ் போட்டாலும் கை ரெண்டு மடங்குதான். அதே ஆளை 2 மீட்டர் தள்ளி எடுத்தா, கை 2 மீட்டர், முகம் 2.4 மீட்டர். ஒன்னேகால் மடங்குகூட வராது. தள்ளி நின்னு எடுத்து, அப்புறமா வெட்டிக்கங்க.

தாராபுரம்: அண்ணா, போட்டோவை 50 கேபிக்குச் சுருக்கோணும், அப்ளிகேஷனுக்கு.

அது கோப்பைச் சுருக்கறது, இங்க பேசறது வேற. `File > Export > Save for Web`ல பாருங்க.

அந்தியூர்: பையைச் சுருக்கிட்டேன். ஆனா ஒட்ட வெச்ச மாதிரியே இருக்குது.

நிழல் போடலைங்க. புது லேயர், `Multiply`, ஜமக்காளத்தோட இருண்ட நிறத்தையே எடுத்து, மெதுவான பிரஷ்ல 30 சதவீதம். பை தரையத் தொடற எடத்துல ஒல்லியா, அழுத்தமா ஒரு கோடு. வெயில் எந்தப் பக்கம்னு ஆளுக நிழலைப் பார்த்துட்டு அந்தப் பக்கம் மட்டும் பரத்துங்க.

பொள்ளாச்சி: சுருக்கின பை மத்ததைவிடக் கூர்மையாத் தெரியுமே? நான் எப்பவும் `Add Noise` கொஞ்சம் போடுவேன்.

இருட்டுல எடுத்த படத்துக்குப் போடத்தான் வேணும். இருட்டுப் படம் முழுக்கப் பொடிப் புள்ளியா இருக்கும், சுருக்கினா அந்தப் புள்ளியும் சுருங்கிப் பை மட்டும் வழவழன்னு நிக்கும். பகல் வெளிச்சத்துப் போன் படத்துக்கு 85 சதவீதத்துல தேவையில்லைன்னு நெனைக்கறேன்.

பொள்ளாச்சி: 12க்கு 18 அச்சுப் போட்டாப் பகல் படத்துலயும் தெரியுதுங்க.

அச்சுல தெரிஞ்சாப் போடுங்க. 100 சதவீதத்துல பெருக்கிப் பார்த்து, பையும் ஜமக்காளமும் ஒண்ணாத் தெரியற அளவுக்கு மட்டும்.

பெருந்துறை: அண்ணா, 85 பண்ணிட்டேன். வீட்டுல இன்னும் சின்னதாக் கேக்கறாங்க.

அதே இடத்துல எடுத்த அடுத்த படம் ஏதாச்சும் இருக்குதுங்களா? அதுல அப்பத்தா பாதம் தெரிஞ்சா, ரெண்டு லேயரையும் `Edit > Auto-Align Layers`ல ஒக்கார வெச்சு அந்தப் பாதத்தை எடுத்துக்கலாம். அப்ப 75 வரைக்கும் தாராளமாப் போலாம். இல்லாட்டி 85தாங்க.