15 மணி நேரம் எங்கே போகிறது? ஆடியோபுக் கணக்கு கேள்வி பதில்

ஸ்பாட்டிஃபையில் ஆடியோபுக் நேரம் எப்படிக் கழிகிறது என்று கேட்ட யாரோ ஒருவருக்குப் போன வாரம் இரண்டு வரி பதில் சொல்லப் போய் இப்படி மாட்டிக்கொண்டேன். சரி, கேளுங்கள். இருப்பது நியூஜெர்சி, ஸ்பாட்டிஃபை பிரீமியம் தனிநபர் கணக்கு. 2023 நவம்பரில் அமெரிக்காவில் பிரீமியத்தோடு மாதம் 15 மணி நேரம் ஆடியோபுக் கேட்கும் வசதி வந்ததிலிருந்து மாதாமாதம் அதைக் கடைசி நிமிஷம் வரை சுரண்டிக் கேட்கிற ஆள். மற்ற ஆப்களைப் பற்றி அரைகுறையாகத்தான் தெரியும்.

ரயில்பயணி: அண்ணா, 21 மணி 40 நிமிஷ நாவல் ஒன்றை 12ஆம் தேதி திங்கட்கிழமை ஆரம்பித்தேன். வேலைக்குப் போக 50 நிமிஷம், வர 50 நிமிஷம், அவ்வளவுதான் கேட்கிறேன். ஆறாவது நாளே நின்றுவிட்டது! பத்து மணி நேரம்கூட ஆகியிருக்காதே?

கேட்டது சரியாகப் பத்து மணி நேரம்தான் தம்பி. ஆனால் எந்த வேகத்தில் என்று நீங்கள் சொல்லவே இல்லை. 1.5 வேகம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஒரு நாளைக்கு 100 நிமிஷம் ரயிலில் உட்கார்ந்தால் புத்தகத்தில் 150 நிமிஷம் ஓடியிருக்கும், அதாவது இரண்டரை மணி நேரம். ஆறு வேலைநாள், ஆறு இரண்டரை பதினைந்து. திங்களிலிருந்து வெள்ளி வரை ஐந்து நாள், அடுத்த திங்கள் 19ஆம் தேதி சாயங்காலம் வீடு திரும்பும்போது சத்தம் நின்றிருக்கும். கடிகாரம் எவ்வளவு ஓடியது என்பது கணக்கே இல்லை, புத்தகம் எவ்வளவு ஓடியது என்பதுதான் கணக்கு.

நின்ற இடம் எங்கும் போகாது, அப்படியே நினைவில் இருக்கும். பாட்டு, பாட்காஸ்ட் எதுவும் நிற்காது, புத்தகம் மட்டும்தான் பூட்டிக்கொள்ளும். இன்னும் 6 மணி 40 நிமிஷம் பாக்கி. அதற்கு மூன்று வழி. அடுத்த பில் தேதி வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது முதல் வழி. உங்கள் பில் தேதி எதுவோ அன்றுதான் புது 15 மணி நேரம் வரும், ஒன்றாம் தேதி அல்ல, இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இரண்டாவது வழி டாப்-அப், அமெரிக்காவில் 10 மணி நேரத்துக்கு 12.99 டாலர். உங்கள் பாக்கி போக அதில் 3 மணி 20 நிமிஷம் மிஞ்சும், அது மாதக் கடைசியில் அழியாது, ஒரு வருஷம் வரை கிடக்கும். மூன்றாவது, புத்தகத்தையே விலைக்கு வாங்கிவிடுவது. வாங்கிய புத்தகம் மணிக்கணக்கில் வராது, எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். டாப்-அப் பொத்தானை அமுக்கும் முன் அந்தப் புத்தகத்தின் விலையை ஒரு தரம் பாருங்கள், சில சமயம் அதுவே மலிவாக இருக்கும். ஊர் நூலக அட்டை இருந்தால் லிபி ஆப்பில் அதே புத்தகம் இனாமாகவே கிடைத்தாலும் கிடைக்கும்.

வேகம்விரும்பி: மன்னிக்கணும் சார், இது தப்பு. நான் எப்போதும் 2 வேகத்தில்தான் கேட்கிறேன். மாதம் 30 மணி நேரப் புத்தகம் முடிக்கிறேன். நாம் கேட்கும் நேரம்தான் கணக்கு.

நீங்கள் முடிக்கிறீர்கள் என்பதை நான் மறுக்கவில்லை, எதனால் என்பதில்தான் சந்தேகம். வாங்கிய புத்தகம் ஏதாவது நடுவில் இருந்ததா? இல்லை, உங்கள் பில் தேதி மாத நடுவில் வந்து, ஒரே காலண்டர் மாதத்துக்குள் இரண்டு 15 விழுந்ததா? வாதம் எதற்கு, இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். செட்டிங்ஸில் கணக்குப் பகுதிக்குள் மீதி நேரம் இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். 2 வேகம் வைத்து, கையில் கடிகாரத்தோடு, கால் மணி நேரம் கேளுங்கள். கொஞ்சம் பொறுத்துத் திரும்பப் பாருங்கள், உடனே மாறாது. 15 நிமிஷம் குறைந்திருந்தால் நீங்கள் சொன்னது சரி, 30 என்றால் நான்.

பாரிஸ்வாசி: எனக்கு 12 மணி நேரம்தான் காட்டுகிறது. 3 மணி நேரத்தை யார் தின்றது?

யாரும் இல்லை. பிரான்ஸில் 2024இல் கொண்டுவந்தபோதே 12தான். ஊருக்கு ஊர் அளவு வேறு.

மல்லிகா: என் வீட்டுக்காரர் பெயரில் ஃபேமிலி பிளான். அவர் புத்தகமே கேட்கமாட்டார். எனக்குப் புத்தகம் பூட்டியே இருக்கிறது. ஏன்?

ஃபேமிலி பிளானில் எல்லோருக்கும் பாட்டு உண்டு, புத்தக மணி நேரம் மட்டும் பிளானை நடத்துகிறவர் கணக்குக்குத்தான் போகும், இருவர் பிளானிலும் அப்படித்தான். அவர் கேட்காத 15 மணி நேரம் உங்கள் பக்கம் வராது, மாதாமாதம் வீணாகும். சில நாடுகளில் உறுப்பினருக்கென்று தனியாகக் காசு கட்டிப் புத்தக மணி நேரம் சேர்க்கும் வசதி வந்திருக்கிறது. உங்கள் ஊரில் உண்டா என்று அவர் கணக்கில் நுழைந்து பாருங்கள். காசு செலவில்லாத வழி ஒன்றுதான், பிளானை உங்கள் பெயரில் எடுத்து அவரை உறுப்பினராக்குவது. வீட்டில் அதற்கு ஒப்புவாரா என்பது என் துறை அல்ல.

தூங்குமூஞ்சி: ராத்திரி படுக்கையில் அரை மணி நேரம் கேட்பேன். நேற்றைக்கு மட்டும் ஏழு மணி நேரம் குறைந்திருக்கிறது!

அரை மணி நேரம் நீங்கள் கேட்டீர்கள், மீதி ஆறரை மணி நேரம் தலையணை கேட்டது. எனக்கும் முதல் மாதமே நடந்தது, காலையில் எழுந்தபோது கதாநாயகனுக்குப் பேரன் பிறந்திருந்தான். புத்தகம் ஓடும் பக்கத்தில் நிலா மாதிரி ஒரு சின்னம் இருக்கும், அதுதான் ஸ்லீப் டைமர், 15 நிமிஷமோ அத்தியாயம் முடியும் வரையோ வைத்துவிட்டுப் படுங்கள். இதைவிடப் பெரிய அடி இரண்டாவது நாள் விழும். கேட்காமல் போனதைப் பின்னால் தள்ளித் திரும்பக் கேட்பீர்கள், அதுவும் புதிதாகக் கழியும். ஒரே அத்தியாயத்துக்கு இரண்டு தடவை நேரம் கொடுத்த மாதிரி. முன்னால் தாவினால் தாவிய பகுதிக்கு எதுவும் கழியாது, ஆகவே தூங்கிய இடத்தை விரலால் தேடும்போது ஓடவிட்டுத் தேடாதீர்கள்.

கணேஷ்: போன மாதம் 9 மணி நேரம் மிச்சம். இந்த மாதம் 24 ஆகுமா?

ஆகாது. 15தான்.

விமானமோட்: டவுன்லோட் பண்ணி, நெட்டை அணைத்துவிட்டுக் கேட்டால் கணக்கில் வராது என்று நண்பர் சொன்னார். உண்மையா?

நண்பரிடம் அதே ஃபோனைத் திரும்ப நெட்டில் இணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆப் உள்ளேயே எழுதி வைத்துக்கொண்டு, இணைந்ததும் மொத்தமாகக் கழிக்கும். ஒரேயடியாக அணைத்தே வைத்திருப்பேன் என்றால் 30 நாளுக்கு ஒரு தடவையாவது ஆப் நெட்டுக்கு வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் டவுன்லோடே போய்விடும். ஊருக்குப் போகிற விமானத்தில் ஐந்து மணி நேரம் கேட்டவர் இறங்கியதும் மீதி திடீரென்று சரிந்ததாகப் புகார் சொல்வதற்கும் இதுதான் காரணம்.

கோபி: மிச்ச நேரம் அடுத்த மாதத்துக்குச் சேருமா?

கணேஷுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வேகம்விரும்பி: இன்னும் சோதிக்கவில்லை, ஆனால் நீங்கள் சொல்வது உண்மையென்றால் இது அநியாயம். எனக்கு 15 மணி நேரத்தை விற்கிறார்கள், நான் ஏழரை மணி நேரத்தில் முடித்தால் மிச்சம் என்னுடையதுதானே?

டொராண்டோ_டீச்சர் (குறுக்கே): தம்பி, மெஸ்ஸில் வேகமாகச் சாப்பிட்டால் இரண்டாவது சாப்பாடு இனாமா?

வேகம்விரும்பி: மெஸ்ஸில் சாதம் தீர்ந்துபோகும் மேடம். புத்தகம் தீராது.

டொராண்டோ_டீச்சர்: எழுதினவருக்குக் காசு கொடுக்க வேண்டாமா? நீங்கள் பாதி நேரத்தில் கேட்டால் அவருக்குப் பாதிக் காசா?

பார்வை: நான் ஒன்று சொல்லலாமா? எனக்குக் கண் தெரியாது. திரைவாசிப்பான் பழக்கத்தில் 2.5க்குக் குறைவாகக் கேட்டால் பொறுமை போய்விடும். எனக்கு 15 என்பது ஆறு மணி நேரம்தான். இது சலுகை கேட்பதல்ல, நான் கேட்கிற இயல்பான வேகமே அது.

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. டீச்சரின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, ஆனால் எழுதுகிறவர்களே இந்த ஏற்பாட்டில் சந்தோஷமாக இல்லை. 2023 அக்டோபரில் பிரிட்டனில் தொடங்கியபோது அங்குள்ள எழுத்தாளர் சங்கம், எங்களை யாரும் கேட்கவில்லை என்று வெளிப்படையாகவே வருத்தப்பட்டது. பாட்டு எழுதுகிறவர்களுக்கு வேறு கோபம். பாட்டோடு புத்தகத்தையும் சேர்த்து ஒரே கட்டு என்று காட்டியதால் பாட்டுக்கான பங்கு குறைந்தது என்று, அவர்கள் பணத்தை வசூலித்துத் தரும் அமைப்பு 2024 மே மாதம் அமெரிக்காவில் வழக்கே போட்டது, 2025 ஜனவரியில் நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார், தகராறு அதோடு ஓயவில்லை. பார்வை சொன்னதை நான் இதுவரை யோசித்ததே இல்லை. அவருக்கு உடனடியாக உதவுவது நூலகம்தான் என்று தோன்றுகிறது, அங்கே இரவலுக்கு நாள்தான் கணக்கு, வேகம் கணக்கில்லை.

செல்வி: பழைய தமிழ்த் தொடர்கதை ஒன்றை அத்தியாயம் அத்தியாயமாக யாரோ வாசித்துப் போட்டிருக்கிறார்கள், தினமும் கேட்கிறேன். என் 15 மணி நேரம் போகுமா?

அது பாட்காஸ்ட்டாக இருந்தால் ஒரு நிமிஷம்கூடப் போகாது. மீதி நேரம் குறைகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

சங்கர்: அமேசான் மியூசிக்கிலும் புத்தகம் தருகிறார்களாமே, அங்கே எத்தனை மணி நேரம்?

மணி நேரமே இல்லை. 2024 நவம்பரிலிருந்து அன்லிமிடெட் பிளானில் மாதம் ஒரு ஆடிபிள் புத்தகம், எவ்வளவு நீளமானாலும். ரயில்பயணியின் 21 மணி 40 நிமிஷ நாவலுக்கு அது தோது. ஐந்து மணி நேரப் புத்தகமாக மூன்று கேட்கிற ஆளுக்கு ஸ்பாட்டிஃபைதான் லாபம். அதற்கு மேல் அமேசான் பற்றி என்னைக் கேட்காதீர்கள்.

நந்தா: அண்ணா, போன மாதம் மிச்சமான நேரம்...

சேராது. மூன்றாவது தடவை. தூங்கும்போது டைமர் வையுங்கள், அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

வேகம்விரும்பி: சோதித்தேன். 11 மணி 20 நிமிஷம் இருந்தது. கடிகாரம் வைத்து 15 நிமிஷம். இப்போது 10 மணி 50. ஆனால் போன மாதம் 30 மணி நேரம் முடித்தது உண்மை, அது எப்படி?

உங்கள் பில் தேதி என்ன?

வேகம்விரும்பி: 17.