நாவலுக்கு மெய்ப்பு மட்டும் போதுமா?

"300 பக்க நாவல் முடித்துவிட்டேன். படித்த இருவரும் நடுவில் இழுக்கிறது என்கிறார்கள். மெய்ப்பு மட்டும் பார்த்தால் போதுமா?"

போதாதுங்க. மெய்ப்பு, பக்கம் வடிவமைத்த பிறகு கடைசியாகப் பார்ப்பது. எழுத்துப்பிழை, விட்டுப்போன வரி போன்றவைதான் அதில் பிடிபடும். நடுவில் இழுப்பது கட்டமைப்புக் கோளாறு, அதற்கு உள்ளடக்க எடிட்டிங் வேண்டும். ஒவ்வொரு அத்தியாயத்திலும் என்ன மாறுகிறது என்று ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். எதுவும் எழுத வராத அத்தியாயத்தை வெட்டவோ, அடுத்ததோடு சேர்க்கவோ வேண்டியிருக்கும்.

அது முடிந்த பிறகே மொழித் திருத்தம்: 3ஆம் அத்தியாயத்தில் சித்தியாக இருந்தவர் 9இல் அத்தையாவது, சந்திப்பிழை, குழம்பும் வாக்கியம். இதை முதலில் செய்தால் வெட்டப்போகும் பக்கங்களுக்கும் காசு கொடுப்பீர்கள். வடிவமைத்தபின் ஒரு பத்தியை நீக்கினாலோ அடுத்த பக்கங்கள் நகர்ந்துவிடும். மெய்ப்பை மறுபடி பார்க்க வேண்டும்.