செட் மாத்திரையும் சீட்டில் வந்த கேள்விகளும்

பாம்பன் பக்கம் நடந்த மருத்துவ முகாமில், மருந்துகளைப் பத்திரமாகப் பயன்படுத்துவது பற்றிப் பேசினேன். முடிந்ததும் சீட்டில் எழுதித் தந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

காய்ச்சலுக்கு பாராசிட்டமால் 650 ஒரு நாளைக்கு எத்தனை போடலாம்?

பெரியவர்களுக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, நாளுக்கு நான்கு. சளி மாத்திரையிலும் பெரும்பாலும் பாராசிட்டமால் இருக்கும், இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

மீன் ஐஸ் பெட்டியில் இன்சுலினை வைத்துக் கடலுக்குக் கொண்டுபோகலாமா?

ஐஸில் படாமல் இருந்தால் சரி. துணி சுற்றி, மூடி போட்ட டப்பாவில் தள்ளி வையுங்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் பிறகு உருகினாலும் உதவாது, தூக்கிப் போடுங்கள்.

கடலில் பாசி எடுக்கும் வேலைக்குப் போகிறேன். இடுப்பு வலிக்கு ஆறு மாதமாகக் காலையும் இரவும் கடையில் செட் மாத்திரை வாங்கிப் போடுகிறேன். நன்றாகக் கேட்கிறது. பிரஷர் மாத்திரையும் உண்டு. தொடரலாமா?

தொடரக் கூடாதும்மா. ஆனால் சட்டென்று நிறுத்தவும் கூடாது. நீங்கள் காட்டிய பொட்டலத்தில் நான்கு மாத்திரை இருந்தன. இரண்டு அட்டைத் துண்டோடு இருந்ததால் பெயரைப் படிக்க முடிந்தது: டைக்ளோஃபெனாக் 50, டெக்ஸாமெத்தசோன் 0.5. மற்ற இரண்டும் உதிரி, என்னவென்று யாராலும் சொல்ல முடியாது. இப்படிக் கத்தரித்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்பதை எத்தனை தடவை கண்டித்தாலும் எனக்கு ஆறாது.

நன்றாகக் கேட்பதற்குப் பெரிய காரணம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. அது சர்க்கரையை ஏற்றும், முகத்தை உப்ப வைக்கும், எலும்பை அரிக்கும். மாதக்கணக்கில் போட்டால் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று விட்டால் மயக்கம், வாந்தி, பிரஷர் இறக்கம் வரும். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையோ சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது, பிரஷரையும் ஏற்றுகிறது. நீங்கள் வெயிலில் மணிக்கணக்கில் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறீர்கள். பிரஷர் மாத்திரைகளில் சில வகை இதனோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்குச் சுமை இன்னும் கூடும். சிறுநீர் குறைந்தாலோ, கால் வீங்கினாலோ, மலம் தார் போலக் கறுத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் இந்த வாரமே ரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சர்க்கரை இரண்டையும் பார்த்துவிடுங்கள். சிறுநீரகம் பாதி பழுதாகும்வரைகூட வெளியே எதுவும் தெரியாமல் இருக்கும். பொட்டலத்தையும் பிரஷர் மாத்திரை அட்டையையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்பா பிரஷருக்கு வெள்ளை மாத்திரை போடுகிறார், பெயர் தெரியாது. இருமல் மருந்து கொடுக்கலாமா?

வெள்ளை மாத்திரை நூற்றுக்கணக்கில் இருக்கிறது. பெயர் தெரியாமல் நான் என்ன சொல்வது? அட்டையை எடுத்து வாருங்கள்.

குழந்தைக்கு சிரப் ஐந்து மில்லி. வீட்டு ஸ்பூன் போதுமா?

போதாது. ஒவ்வொரு வீட்டு ஸ்பூனும் ஓர் அளவு. பாட்டிலோடு வரும் மூடியில் அளவுக் கோடு இருக்கும், அதில் ஊற்றுங்கள்.